38 நிமிடம் என்ற அறிக்கை: பதில் நேரத்தை அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சந்தா முறையில் சேவை தரும் ஒரு நிறுவனம். அதன் சமூக ஊடகப் பக்கங்களில் வரும் கமெண்ட்டுகளுக்கும் நேரடி மெசேஜ்களுக்கும் பதில் சொல்ல 5 பேர் கொண்ட குழு இருந்தது. வேலை நேரம் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 7 நாளும். குழுவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட இலக்கு ஒரே ஒரு வரி: கேட்டவர்களில் 90 சதவீதம் பேருக்கு, வேலை நேரக் கணக்கில் 2 மணி நேரத்துக்குள் முதல் பதில் போய்ச் சேர வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் ஒரு பக்க அறிக்கை மேலே போகும். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: சராசரி பதில் நேரம், இலக்குக்குள் முடிந்தவை எத்தனை சதவீதம். நான் இதைப் பார்த்த மாதத்தில் சராசரி 38 நிமிடம், இலக்குக்குள் 94 சதவீதம். இரண்டும் பச்சை நிறத்தில் இருந்தன. அதற்கு முந்தைய மாதங்களிலும் பச்சைதான்.

ஆனால் சந்தாவை நிறுத்துபவர்களிடம் காரணம் கேட்கும் படிவத்தில் “மெசேஜ் போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை” என்ற வகைப் பதில்கள் கூடிக்கொண்டே வந்தன. 94 சதவீதம் பேருக்கு 2 மணி நேரத்தில் பதில் போகிறது என்றால் இவர்கள் எல்லாம் யார்? இந்தக் கேள்விக்காகத்தான் தரவுப் பிரிவில் இருந்த என்னிடம் அந்த அறிக்கை வந்தது.

முதலில் கண்டது

அறிக்கையை உருவாக்கிய வினவலைக் கேட்டு வாங்கினேன். தேவையற்றதை நீக்கினால் அது இவ்வளவுதான்:

```sql
SELECT AVG(reply_at - last_msg_at)
FROM threads
WHERE reply_at IS NOT NULL
  AND reply_at >= :month_start;
```

`reply_at IS NOT NULL` என்ற வரியின் பொருள், பதில் பெற்ற உரையாடல்களை மட்டும் எடு என்பது. பதிலே பெறாதவர்கள் கணக்கில் நுழையவே இல்லை. சரி, அந்த வரியை எடுத்துவிடலாம் என்று எடுத்து ஓட்டிப் பார்த்தேன். சராசரி ஒரு நொடிகூட மாறவில்லை. அதற்குக் கீழே உள்ள தேதி நிபந்தனையே வெற்று மதிப்புகளை விலக்கிவிடும், அதுவும் இல்லாவிட்டால் `AVG` அவற்றைத் தானாகவே விட்டுவிடும் என்பதை ஒரு நிமிடம் மறந்திருந்தேன். அந்த வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் கிடைக்காதவர் சராசரிக்குள் வர மாட்டார். பதில் நேரத்துக்குச் சராசரி எடுக்கும் எந்த அறிக்கையிலும் இந்த ஓட்டை இருக்கும். பதில் வராதவருக்கு “நேரம்” என்று ஒரு எண்ணே கிடையாதே, எதைக் கூட்டி எதால் வகுப்பது?

வினவலை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போக முடியாது என்று புரிந்தது. ஒரு வாரத்தில் வந்த 400 உரையாடல்களை எடுத்து, குழுவில் மூத்தவர் ஒருவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். இரண்டு நாள் பிடித்தது. அதில் 250 நேரடி மெசேஜ்கள், 150 கமெண்ட்டுகள்.

மெசேஜ்களில் தெரிந்தது இது. 250 பேருக்கும் 4 நொடிக்குள் ஒரு பதில் போயிருந்தது: “உங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் தொடர்புகொள்வோம்.” அது தானியங்கிப் பதில். அறிக்கை அதை முதல் பதிலாக எடுத்துக்கொண்டது. அதனால் மெசேஜ் போட்ட 250 பேரும், பிற்பாடு என்ன ஆனார்களோ தெரியாது, இலக்குக்குள் வந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

கமெண்ட்டுகளுக்குத் தானியங்கிப் பதில் கிடையாது. 150இல் 70க்குப் பதில் போயிருந்தது, அவற்றில் 51 இரண்டு மணி நேரத்துக்குள். ஆக அறிக்கையின் கணக்கு: பதில் பெற்றவை 320, இலக்குக்குள் 301, அதாவது 94 சதவீதம். பிழையில்லாத கணக்குதான். அந்த 38 நிமிடமும் இப்படித்தான் வந்தது. 70 கமெண்ட்டுகளுக்கு ஆன நேரத்தை, கிட்டத்தட்ட பூச்சியமாக இருந்த 250ஐயும் சேர்த்து 320ஆல் வகுத்திருக்கிறார்கள். அந்த 70ஐ மட்டும் தனியாக எடுத்தால் சராசரி ஏறத்தாழ 3 மணி நேரம்.

பிறகு நாங்கள் இருவரும் வேறு மாதிரி எண்ணினோம். 400இல் 90க்குப் பதிலே தேவையில்லை: நன்றி சொன்னவர்கள், நண்பரின் பெயரைக் குறித்துவிட்டுப் போனவர்கள், வெறும் சிரிப்புக் குறி போட்டவர்கள். மீதி 310 பேர் ஏதோ ஒன்றைக் கேட்டிருந்தார்கள். அவர்களில் 248 பேருக்கு மனிதர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். 2 மணி நேரத்துக்குள் எழுதியது 171 பேருக்கு. 62 பேருக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

310இல் 171 என்றால் 55 சதவீதம். அதே வாரம், அதே குழு, அதே இலக்கு.

கமெண்ட்டுகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதில் போன 70இல் 26 நன்றி சொன்னவர்களுக்குப் போனவை. “மகிழ்ச்சி, தொடர்ந்து இணைந்திருங்கள்” என்று இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். அதே வாரத்தில் கமெண்ட்டில் கேள்வி கேட்டவர்களில் 26 பேர் பதில் இல்லாமல் நின்றார்கள். இரண்டும் 26 ஆனது தற்செயல்தான், ஆனால் அதைப் பார்த்தபோது இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது

படித்துக்கொண்டு போகும்போது ஒரு கமெண்ட் தொடரில் நின்றுவிட்டோம். ஒருவர் காலை 9:12க்கு, பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டிருப்பதாகக் கேட்கிறார். பதில் இல்லை. 11:50க்கு அதற்குக் கீழேயே “??” என்று போடுகிறார். 12:05க்குப் பதில் போகிறது. அவர் காத்திருந்தது 2 மணி 53 நிமிடம். அறிக்கையில் அது 15 நிமிடம் என்று பதிவாகியிருந்தது. வினவலில் உள்ள `last_msg_at`, பதிலுக்கு முன் கடைசியாக வந்த மெசேஜின் நேரம். பொறுமை இழந்து மறுபடி கேட்பவர் தன் கடிகாரத்தைத் தானே திருப்பி வைத்துவிடுகிறார். எவ்வளவு நச்சரிக்கிறாரோ அவ்வளவு வேகமாகப் பதில் கிடைத்ததாக அறிக்கை சொல்லும்.

குழுவிடம் கேட்டது

எண்களோடு போய் நின்றால் தற்காப்புதான் வரும் என்பதால் குழுவில் இருந்தவர்களிடம் தனித்தனியாகப் பேசினேன். ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரெண்டு நாள் பழசைத் தொட்டா சராசரி எகிறிடும் சார். புதுசா வர்றதை எடுத்தா நல்லது. அது எல்லாருக்கும் தெரியும்.”

முதலில் புரியவில்லை. வினவலை மறுபடி பார்த்ததும் புரிந்தது. கணக்கு, பதில் போன தேதியை வைத்து எடுக்கப்படுகிறது. மூன்று நாளாகக் கிடக்கும் ஒரு கமெண்ட்டுக்கு இன்று பதில் போட்டால் இந்த மாதச் சராசரிக்குள் 72 மணி நேரம் என்று ஒரு எண் நுழையும். போடாமலே விட்டால் எதுவும் நுழையாது. தாமதமான பதிலுக்குத் தண்டனை, பதிலே சொல்லாததற்கு எதுவுமில்லை. யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. அளவுகோல் எதைக் கேட்டதோ அதைச் செய்தார்கள். 62 பேர் நின்றுபோனதற்கு ஆள் பற்றாக்குறை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம், என் கணிப்பில் பெரிய காரணம்.

இதில் வேறு ஒரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. நின்றுபோனவர்களில் பலர் வாட்ஸ்அப் வழியாக வந்தவர்கள். அங்கே வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நிறுவனம் விருப்பப்படி பதில் எழுத முடியும். அதைத் தாண்டினால் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தியை மட்டும்தான் அனுப்பலாம். பழசை ஒதுக்கி வைத்தால், மனம் மாறிப் பதில் எழுத நினைக்கும்போது கதவு சாத்தியிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, உரையாடலைப் பதில் போன நாளில் எண்ணாமல் கெடு முடியும் நாளில் எண்ணுவது. ஒவ்வொரு கேள்வியும் வந்தவுடன் அதற்கு ஒரு கெடு நேரம் எழுதப்படும். அந்த நேரத்துக்குள் மனிதர் ஒருவரின் பதில் போயிருந்தால் 1, போகாவிட்டால் 0. பதிலே போகாததும் 0தான்.

```sql
SELECT ROUND(100.0 * AVG(
    CASE WHEN human_reply_at <= due_at
         THEN 1 ELSE 0 END), 1)
FROM threads
WHERE needs_reply
  AND due_at >= :month_start
  AND due_at <  :month_end;
```

இங்கே `ELSE 0` என்பதுதான் வேலை செய்கிறது. `human_reply_at` வெற்றாக இருந்தால் ஒப்பீடு உண்மையாகாது, உரையாடல் 0 பக்கம் விழும். பழைய வினவலில் மறைந்தவர்கள் இங்கே தெரிவார்கள். கெடு தவறிய பிறகு பதில் போட்டாலும் போடாவிட்டாலும் இந்த எண் மாறாது. அதனால் பழசைத் தொட்டால் எண் கெடும் என்ற பயம் போனது. ஆனால் பழசைத் தொட வேண்டும் என்ற தூண்டுதலும் இதில் இல்லை. அதற்காக அறிக்கையில் தனியாக ஒரு வரி சேர்த்தோம்: இன்னும் பதில் போகாமல் இருப்பவை எத்தனை, அவற்றில் மிகப் பழையது எத்தனை நாள் பழையது.

இரண்டாவது, கடிகாரம். வாடிக்கையாளரின் பதில் பெறாத மெசேஜ்களில் முதலாவது வந்த நேரத்தில் அது தொடங்கும், அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை எழுதினாலும் நகராது. இரவு 9 மணிக்கு நின்று காலை 9க்கு மறுபடி ஓடும். இரவு 8:40க்கு வந்த மெசேஜுக்கு அன்று 20 நிமிடம் ஓடிவிடும், மீதி 1 மணி 40 நிமிடம் மறுநாள், ஆகவே கெடு காலை 10:40. நேரம் சேமிக்கப்படுவது உலகப் பொது நேரத்தில் என்பதால், உள்ளூர் நேரத்துக்கு மாற்றிய பிறகே 9 மணிக் கணக்கைப் போட வேண்டும். என் முதல் முயற்சியில் அதை மறந்து, நள்ளிரவு மெசேஜ்களை எல்லாம் வேலை நேரத்தில் வந்ததாக எண்ணிவிட்டேன். ஒரு மணி நேர வாரியான வரைபடத்தைப் போட்டுப் பார்த்ததும் பிடிபட்டது. ஊரே தூங்கும் நேரத்தில் அலை அலையாக மெசேஜ் வருவதாக அது காட்டியது.

மூன்றாவது, `needs_reply`. பதில் தேவையில்லை என்று குழுவினர்தான் குறிப்பார்கள். இது ஆபத்தான இடம், ஏனென்றால் கெடு தவறியதை எல்லாம் “தேவையில்லை” என்று தள்ளிவிடலாம். அப்படிக் குறித்தவற்றில் வாரம் 50ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, அந்த ஷிஃப்டில் இல்லாத ஒருவர் படிப்பது என்று ஏற்பாடு செய்தோம்.

நான்காவது, சராசரியை அறிக்கையிலிருந்து எடுத்தோம். அதற்குப் பதிலாகப் பத்தில் ஒன்பது பேர் எவ்வளவு நேரத்துக்குள் பதில் பெற்றார்கள் என்ற எண். இதைக் கணக்கிடும்போது பதில் பெறாதவரை முடிவில்லா நேரம் காத்திருப்பவராக வரிசையின் கடைசியில் வைக்க வேண்டும். எங்கள் மாதிரி வாரத்தில் ஐந்தில் ஒருவருக்குப் பதில் இல்லை, ஆக அந்த இடத்தில் வருவதே பதில் கிடைக்காத ஒருவர்தான். முதல் அறிக்கையில் அந்தக் கட்டத்தில் எண் வரவில்லை. “இன்னும் பதில் இல்லை” என்று எழுதி அனுப்பினோம். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, அச்சுப் பிழையா என்று கேட்டார்.

எண்ணை மேலே சொன்னது

94ஐ 55 என்று மாற்றிச் சொல்வதில் மேலாளருக்குத் தயக்கம் இருந்தது, நியாயமான தயக்கம். குழு திடீரென்று சரிந்துவிட்டதாகத்தான் மேலே இருப்பவர்கள் படிப்பார்கள். தானியங்கிப் பதில்கள் தனிக் கணக்கின் பெயரில் பதிவாகியிருந்ததால் அவற்றைப் பிரித்து, பழைய மூன்று மாதங்களையும் புதிய முறையில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. 58, 57, 55 என்று வந்தன. பழைய மாதங்களில் பதில் தேவையா இல்லையா என்ற குறி கிடையாது, அதனால் அவை தோராயம்தான், அதையும் அடிக்குறிப்பாக எழுதினோம். ஆனால் சரிவு எதுவும் நடக்கவில்லை, முன்பிருந்தே இப்படித்தான் என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. ஒரே அறிக்கையில் பழைய முறையும் புதிய முறையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு மாதம் மட்டும். அடுத்த மாதத்திலிருந்து பழையது இல்லை.

பிறகு நடந்தவை

முதல் மாதம் 61. இரண்டாவது மாதம் 88. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குச் சந்தேகம்.

மீண்டும் நூறு உரையாடல்களைப் படித்தேன். பாதிக்கும் மேல் முதல் பதில் இப்படி இருந்தது: “வணக்கம், பார்த்துச் சொல்கிறோம்.” 10 நிமிடத்தில் போயிருந்தது. அப்புறம் நாலைந்து மணி நேரம் எதுவுமில்லை. தானியங்கிப் பதிலை வாசல் வழியாக வெளியே அனுப்பினோம், அதையே மனிதர்கள் கையால் தட்டி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். இதைப் படித்துத்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை. முதல் பதிலுக்குப் பிறகு வாடிக்கையாளர் புதிதாக எதுவும் சொல்லாமல் “என்ன ஆச்சு?” என்று மறுபடி எழுதும் உரையாடல்களின் விகிதமும் அந்த மாதம் கூடியிருந்தது. உண்மையாகவே வேகம் கூடியிருந்தால் அது குறைந்திருக்க வேண்டும்.

ஆகவே கடிகாரத்தை நிறுத்தும் பதில் எது என்பதை எழுதி வைத்தோம். கேள்விக்கு விடை சொன்னால் நிற்கும். விடை சொல்லத் தேவையான ஒரு விவரத்தைக் குறிப்பாகக் கேட்டால் நிற்கும். அடுத்து என்ன நடக்கும், எத்தனை மணிக்குள் என்று சொன்னால் நிற்கும், ஆனால் சொன்ன மணி புதிய கெடுவாகிவிடும். “பார்க்கிறோம்” என்பது நிறுத்தாது. சேமித்து வைத்த பதில்களுக்கு அடையாள எண் இருந்ததால், அவற்றில் “பார்க்கிறோம்” வகையில் இருந்த மூன்றையும் வினவலிலேயே விலக்கினோம். கையால் தட்டுவதை வாராந்திர மாதிரிப் படிப்பில்தான் பிடிக்க முடியும்.

மூன்றாவது மாதம் 66க்கு இறங்கியது. இந்த எண்ணைத்தான் நாங்கள் நம்பினோம்.

இதற்குப் பிறகுதான் அறிக்கை உருப்படியான ஒரு வேலைக்குப் பயன்பட்டது. கெடு தவறியவற்றை வந்த நேரப்படி பிரித்தபோது, பெரும்பகுதி மாலை 7 முதல் 9க்குள் வந்தவை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒருவர் வேலையில் இருந்தார். அவர் முடிக்காதது மறுநாள் காலைக் குவியலில் சேர, காலையில் வருபவர்கள் கெடு நெருங்கியதையும் இரவு வந்த புதியதையும் ஒன்றாகப் பார்த்து மேலிருந்து எடுத்தார்கள். மேலே இருந்தது புதியது. வரிசையைக் கெடு நேரப்படி மாற்றினோம், காலை ஷிஃப்டிலிருந்து ஒருவரை மாலைக்கு நகர்த்தினோம். நான்காவது மாதம் 79.

90 வரவில்லை. 5 பேரை வைத்துக்கொண்டு வராது என்பது அப்போது மேலாளருக்கும் தெரிந்தது. இலக்கை இரண்டாகப் பிரித்தார்கள்: மெசேஜுக்கு அதே 2 மணி நேரம், ஆனால் 85 சதவீதம்; கமெண்ட்டுக்கு 4 மணி நேரம், 85 சதவீதம். இலக்கைக் குறைத்தது சரிதானா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். பிரித்ததில் எனக்கு உடன்பாடு. 90ஐ 85 ஆக்கியதற்கு ஆள் கணக்கைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, அறிக்கையிலும் அப்படியே எழுதினோம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் மாதத்தில் ஒவ்வொருவரின் பெயருக்கும் நேரே தனித்தனி சதவீதத்தைப் பலகையில் போட்டது என் யோசனை. தவறு. சுலபமான கேள்விகளைப் பொறுக்கி எடுப்பது அன்றே தொடங்கிவிட்டது. பணப் பிரச்சினைகளைக் கையில் எடுத்த மூத்தவரின் எண் எல்லோரையும் விடக் கீழே இருந்தது. 400ஐயும் என்னோடு உட்கார்ந்து படித்தவர் அவர்தான். இரண்டு வாரத்தில் பலகையை எடுத்தோம், பொறுக்கும் பழக்கம் போக அதைவிட அதிக நாள் ஆனது.

உரையாடல்களைப் படித்த பிறகு வினவலைப் பார்த்திருந்தால், “பதில்” என்றால் என்ன என்பதை முதல் நாளே எழுதியிருப்போம். இரண்டாவது மாதத்து 88ஐ மேலே அனுப்பிவிட்டு, பிறகு 66 என்று சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. கமெண்ட்டில் கேட்டவருக்கு, சொந்த விவரம் என்பதால் நேரடி மெசேஜில் பதில் போகிறது. தரவில் கமெண்ட் ஒரு உரையாடல், மெசேஜ் இன்னொன்று. கமெண்ட் பதில் இல்லாததாகவே நிற்கிறது. இப்போதைக்கு, “மெசேஜில் பதில் அனுப்பியிருக்கிறோம்” என்று கமெண்ட்டின் கீழே ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறோம், கடிகாரம் அதில் நிற்கிறது. அந்த வரியை முதலில் எழுதிவிட்டு மெசேஜை மதியம் அனுப்பியது போன மாத மாதிரியில் மூன்று இடத்தில் இருந்தது.